லோயர் தேர்ட்: நான்கு வருடம், மூன்று டெம்ப்ளேட்

நேர்காணல் வீடியோக்களை எடிட் செய்ய ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. பேசுபவரின் பெயரும் பொறுப்பும் காட்டுகிற லோயர் தேர்ட்டுக்கு இதற்குள் மூன்று டெம்ப்ளேட் மாற்றிவிட்டேன். முதல் இரண்டையும் கைவிட வைத்தது தமிழ் எழுத்துதான்.

முதலாவது, ஆங்கிலத்துக்காகச் செய்த டெம்ப்ளேட். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவதுபோல வரும். அதில் 'கோவிந்தன்' என்று போட்டுப் பார்த்தேன். முதலில் 'க' வந்தது. அடுத்த நொடியே இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் முளைத்து 'கோ' ஆனது, வரி முழுவதும் ஒரு குதி குதித்தது. கடைசியில் 'கோவிந்தன' என்று நின்று, அப்புறம்தான் புள்ளி வந்து உட்கார்ந்தது. டெம்ப்ளேட்டில் எழுத்து இடைவெளியும் கூட்டி வைத்திருந்ததால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. இப்போது எழுத்து இடைவெளி எப்போதும் பூஜ்யம்தான். வரி முழுவதும் ஒன்றாக அரை விநாடியில் தெளிந்து வரும், அதேபோல மறையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அது வேறு கோளாறு. மென்பொருளின் அமைப்புகளில் South Asian and Middle Eastern என்ற எழுத்து இயந்திரம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவது டெம்ப்ளேட்டில் மெல்லிய எழுத்துரு போட்டேன். மானிட்டரில் அவ்வளவு அழகு! போனில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போனை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவின் அகலம் ஆறரை சென்டிமீட்டர் இருக்கும், உயரம் நான்கைக்கூடத் தொடாது. 1080 பிக்சல் உயர வீடியோவில் 36 பிக்சல் எழுத்து அங்கே ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் புள்ளி எவ்வளவு இருக்கும்? வீடியோ சுருக்கத்தில் அது கரைந்துபோய் 'பதிப்பாளர்' என்பது 'பதிபபாளர' ஆகிவிட்டது. கோபத்தில் மிகத் தடித்த எடைக்குத் தாவினேன். இப்போது புள்ளி தெரிந்தது, ஆனால் 'ண', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டன. சுழி அடைத்தால் 'ண' எது, 'ன' எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெயரில் அந்த ஒரு சுழி தவறினால் விருந்தினர் சும்மா விடமாட்டார்.

மூன்றாவது டெம்ப்ளேட்டில், இப்போது இரண்டரை வருடமாக, முக்தா மலர் எழுத்துரு. பெயருக்கு SemiBold எடையில் 58 பிக்சல், பொறுப்புக்கு Medium எடையில் 42. நோட்டோ சான்ஸ் தமிழும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டுமே இலவசம். வரி இடைவெளியை மட்டும் கையால் கூட்டிக்கொள்கிறேன், எழுத்தின் அளவைப்போல 1.4 மடங்கு. இல்லாவிட்டால் மேல் வரியின் 'மு', 'சு' வால்கள் கீழ் வரியின் புள்ளிகளில் இடிக்கும். எழுத்துக்குப் பின்னால் பாதிக்குமேல் அடர்த்தியான கறுப்புப் பட்டை. வெறும் நிழலை நம்பி வெள்ளைச் சட்டைமேல் வெள்ளை எழுத்து வைத்து ஒருமுறை பட்டது போதும்.

இடம் என்று பார்த்தால், 1920 x 1080 சட்டகத்தில் எழுத்து ஓரத்தில் அறுபடாமலிருக்க விடுகிற பத்திர எல்லை பக்கத்துக்கு 96 பிக்சல், மேலும் கீழும் 54. ஆனால் கீழே 54 போதவில்லை. திரையைத் தொட்டதும் பிளேயரின் பட்டை மேலே வந்து பொறுப்பு வரியை மூடுகிறது. அதனால் கீழ் ஓரத்திலிருந்து 160 பிக்சல் ஏற்றி வைக்கிறேன். வலப்பக்கம் உட்கார்ந்து இடப்பக்கம் பார்த்துப் பேசுகிறவருக்கு இடப்பக்க வெற்றிடத்தில் வைத்தால் ஆட்டுகிற கை எழுத்துக்குப் பின்னால் வராது. சப்டைட்டில் இருந்தால், பெயர் தெரிகிற அந்தச் சில விநாடிகளுக்கு சப்டைட்டிலை மேலே தூக்கிவிடுகிறேன்.

நேரத்தில்தான் அதிகம் சொதப்பியிருக்கிறேன். ஒரு வீடியோவில் விருந்தினர் பேச ஆரம்பித்த உடனே பெயரை விட்டு ஆறு விநாடி வைத்தேன். நான்காவது விநாடியில் கேள்வி கேட்பவர் பக்கம் ஒரு கட். இரண்டு விநாடி அவர் முகத்தின் கீழ் விருந்தினர் பெயர்! இப்போது முதலில் ஷாட்டின் நீளத்தை அளக்கிறேன். பேச்சு தொடங்கி இரண்டு விநாடி கழித்துப் பெயர், கட்டுக்கு அரை விநாடி முன்பே அது முழுக்க மறைந்திருக்க வேண்டும். நடுவில் ஆறு விநாடி கிடைக்காவிட்டால் அடுத்த நீளமான ஷாட்டுக்குக் காத்திருக்கிறேன். ஆறு என்பதும் சட்டமில்லை. இரண்டு வரியையும் வாய்விட்டு இரண்டு தடவை படித்து, ஆகிற நேரத்தை வைத்துக்கொள்கிறேன். மூன்று பதவிகளையும் போடச் சொல்கிறவர்கள்தான் இன்னும் தீராத தலைவலி. அன்றைய பேச்சுக்குத் தொடர்பான ஒன்றை மட்டும் போட்டு, மற்றவற்றை வீடியோவின் விவரணையில் எழுதிவிடுகிறேன்.

கடைசியாக, நிமிர்ந்த கிளிப். 1080 உயரத்திலிருந்து 9:16 வெட்டினால் அகலம் 608 பிக்சல் அளவே மிஞ்சும், இடது ஓரப் பெயர் பாதியில் அறுந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீடியோவையும் பெயர் இல்லாத ஒரு பிரதியாகவும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்கிறேன். டிஸ்கில் இடம் இரட்டிப்பாகப் போகிறது, அதற்கு வேறு வழி தெரியவில்லை.