'அவர்' ஆங்கிலத்துக்குப் போகும்போது: ஹி-ஷியா, தே-யா, பெயர்ச்சொல்லா?

சமீபத்தில் ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். தொடக்கம் இப்படி: "டாக்டர் வந்தார். பாட்டியின் நாடி பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டார்." அந்த ஐந்து வாக்கியங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

'வந்தான்', 'வந்தாள்' என்று இருந்தால் பிரச்சினையே இல்லை. எழுவாய் மறைந்திருந்தாலும் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். 'வந்தார்' மரியாதையை மட்டும் சொல்கிறது, பாலைச் சொல்வதில்லை. ஆங்கிலமோ அடுத்த வாக்கியத்திலேயே பாலைக் கேட்டு நிற்கிறது.

நான் முதலில் போட்டது 'ஹி'. பழக்கதோஷம்தான். மூன்றாம் பக்கத்தில் டாக்டர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்கிறார். சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'ஹி', 'ஹிஸ்', 'ஹிம்' மூன்றையும் தேட வேண்டும். ஆனால் வீட்டில் தாத்தாவும் இருக்கிறார், அவருக்கும் அதே சொற்கள்தான். ஒவ்வொன்றாகப் படித்து இது யாருடையது என்று பார்த்தே மாற்ற முடிந்தது. மாற்றி முடித்த பிறகு வேறு சிக்கல் வந்தது: டாக்டரும் 'ஷி', பாட்டியும் 'ஷி'. யார் யாருடைய கையைப் பிடித்தார்கள் என்று எனக்கே குழம்பியது.

அடுத்து 'தே'. ஒருமையில் 'தே' சொல்வது புதுப் பழக்கமில்லை, ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக உண்டு. 'யாராவது வந்தால் காத்திருக்கச் சொல்' போன்ற வாக்கியத்தில் யாரும் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். இந்தக் கதையில்தான் உதைத்தது. வாசலில் நின்றவர்கள் பலர், அவர்களும் 'தே'. "தே கால்ட் தெம் இன்" என்று எழுதினால் யார் யாரைக் கூப்பிட்டார்கள்? அதோடு, குறிப்பிட்ட ஒரு கதாபாத்திரத்துக்குப் பக்கம் பக்கமாக 'தே' போட்டால், ஆங்கில வாசகர் அந்த ஆளைப் பற்றி ஆசிரியர் ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்துக்கொள்வார். தமிழ் 'அவர்' அப்படி எதையும் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்தச் சொல்லால் தன்னைக் குறிக்கச் சொல்கிற ஒருவரைப் பற்றிய கட்டுரை என்றால் 'தே'தான் சரி, அங்கே நான் வாதாட மாட்டேன்.

கடைசியில் பெயர்ச்சொல்லிடமே போனேன்: டாக்டர், டாக்டர், டாக்டர். என் ஓட்டு இதற்குத்தான். காரணம் ஒன்றே: பின்னால் எது தெரியவந்தாலும் முன்னால் எழுதியதைத் தொட வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வந்தால் போலீஸ் அறிக்கை மாதிரி இருக்குமே என்பீர்கள். இருக்கும், ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக மொழிபெயர்த்தால். தமிழில் எழுவாய் தொக்கி நிற்கும் மூன்று வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஒரே எழுவாய்க்கு மூன்று வினையாகக் கோத்துவிடலாம்: டாக்டர் வந்து, நாடி பார்த்து, வலியைக் கேட்டார் என்பதுபோல. 'டாக்டர்' ஒருமுறை வந்தால் போதும். முற்றுப்புள்ளிகள் தந்த படபடப்பு கொஞ்சம் குறைகிறது, அது இழப்புதான்.

ஆனால் நான்காவது வாக்கியத்தைக் கோத்திருந்தால் தப்பாகியிருக்கும். 'சொல்லவில்லை' என்பதில் பால் மட்டுமில்லை, தன்மையா படர்க்கையா என்பதுகூடத் தெரியாது. நான், நீ, அவள், அவர்கள், யாருக்கும் அதே வடிவம். 'தெரியாது', 'முடியாது', 'வேண்டாம்' எல்லாம் இந்த வகை. முன்னும் பின்னும் டாக்டரே எழுவாய் என்பதால் டாக்டர்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஆசிரியரிடம் கேட்டபோது, "பாட்டிதாங்க பதில் சொல்லல" என்றார். எழுவாயே கேட்காத ஆங்கிலம் அங்கே கிடைத்தது: "நோ ஆன்சர்." எதிர்மறை வினை வந்தாலே இப்போது நின்று பார்க்கிறேன்.

உரையாடலில் ஒரு தடயம் கிடைக்கும். பேச்சில் 'அவரு' பெரும்பாலும் ஆணுக்கு, 'அவங்க' பெண்ணுக்கோ பலருக்கோ. ஆனால் சில வீடுகளில் ஆணையும் 'அவங்க' என்பார்கள், அதனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டேன். நாவல் அளவுக்கு நீளமாக இந்த முறையை ஓட்டிப் பார்த்ததுமில்லை. இருபது பக்கத்துக்குத் தாங்கியது.

புடவைத் தலைப்பு வரும் இடத்தில் மட்டும் டாக்டருக்கு முதல் 'ஷி' போட்டேன். தமிழில் படிப்பவருக்கு எந்த வரியில் தெரிகிறதோ, ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் அதே வரியில் தெரிகிறது.