கெபாசிட்டர் மாற்றுவதா, பழைய போர்டு வாங்குவதா?

ஏற்காட்டில் பெரியப்பா வீட்டு எல்சிடி டிவி காலையில் கிளம்பாது. சிவப்பு லைட் ஆறு முறை சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆறு. வெயில் ஏறினபிறகு ரிமோட்டை அமுக்கினால் படம் வந்துவிடும். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் ஆறு என்றால் பவர் சப்ளை பழுது. வேறு மாடலில் அதே ஆறுக்கு வேறு பொருள் இருக்கும். அதோடு, எண்ணிக்கை எந்தப் பக்கம் பழுது என்றுதான் சொல்லும், எந்தப் பாகம் என்று சொல்லாது.

பாகத்தைக் காட்டிக்கொடுத்தது குளிர்தான். பவர் சப்ளையில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் வயதானால் உள்ளிருக்கும் திரவம் வற்றி, அதன் உள்தடை, அதாவது இஎஸ்ஆர், ஏறிவிடும். குளிரில் இன்னும் ஏறும். பேக்லைட் எரியத் தொடங்கும் நொடியில் 12 வோல்ட் சரிந்துவிட, டிவி தன்னைக் காத்துக்கொள்ள நின்று சிமிட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றோட்டத் துளை வழியாக ஹேர் டிரையரால் மிதமாகச் சூடு காட்டினேன். பிளக்கை மாட்டியதும் முதல் அமுக்கிலேயே படம் வந்தது.

சேலத்தில் இரண்டு மெக்கானிக்குகளைக் கேட்டேன். ஒருவர், "பழைய டிவியில கழட்டின பவர் சப்ளை போர்டு இருக்குதுங்க, மாட்டினா பத்து நிமிஷ வேலை" என்றார். உண்மைதான், சால்டரிங்கே தேவையில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஸ்கிரீன் உடைந்த டிவியிலிருந்து வருவது. அதிலுள்ள கெபாசிட்டருக்கும் நம்முடையதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. கீழே சூட்டில் ஓடும், ஏற்காட்டுக் குளிரில் மறுபடி சிமிட்டலாம். போர்டு நம்பர் கடைசி எழுத்துவரை பொருந்தவும் வேண்டும்.

இன்னொருவர் போர்டைக் கழற்றி என் எதிரிலேயே வைத்தார். பிளக்கைப் பிடுங்கியபிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கலாம் என்பதால், மீட்டரில் அது இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். 12 வோல்ட் பக்கத்தில் மூன்று கெபாசிட்டர்கள். இரண்டின் தலை உப்பியிருந்தது, மூன்றாவது தட்டையாக, புதிது மாதிரி. அதன் 1000 மைக்ரோஃபாரட் கொள்ளளவும் மீட்டரில் 940 காட்டியது. இஎஸ்ஆர் மீட்டரில் வைத்ததும் 2 ஓம் தாண்டியது. புதியதில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணை நம்பி இரண்டை மட்டும் மாற்றியிருந்தால் டிவி மறுபடி பழுதாகிக் கடைக்கே வந்திருக்கும்.

மூன்றையும் மாற்றச் சொன்னேன். மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி சூடு தாங்கும், குறைந்த இஎஸ்ஆர் ரகம், மைனஸ் கோடு பழைய பக்கமே. பாகத்தின் விலை நூறு ரூபாய்க்குள், கூலி தனி.

என் ஓட்டு கெபாசிட்டருக்குத்தான். போர்டில் தடம் கருகியிருந்தாலோ, டிரான்சிஸ்டரும் ஐசியும் சேர்ந்து போயிருந்தாலோ மட்டும் போர்டு வாங்குவது மேல். அப்போதும் வாங்கிய போர்டில் அந்த மூன்றையும் புதிதாகப் போட்டே மலைக்கு ஏற்றுவேன்.