லீடர்போர்டோடு பதினான்கு மாதம்

கிளிநொச்சியில் எங்கட அலுவலகத்தில் பத்துப் பேர். கையால் எழுதிய காப்புறுதிப் படிவங்களின் ஸ்கானைப் பார்த்துக் கணினியில் பதிவதுதான் வேலை. எல்லாருக்கும் ஒரே கியூ. பட்டியலில் பக்க எண்ணிக்கை தெரியும், விரும்பிய படிவத்தை எடுக்கலாம். போன வருசம் மென்பொருளில் லீடர்போர்டைப் போட்டார்கள், ஆர் எத்தனை படிவம் முடித்தார் என்று வரிசைப்படுத்திக் காட்டும் பலகை. ஆளுக்கு நாளைக்கு 85 என்று டார்கெட்டும் வந்தது.

85 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை. சுகமான படிவத்துக்கு 4 நிமிடம், எழுத்துக் கலங்கிய பல பக்கப் படிவத்துக்கு 20 நிமிடம். 420 நிமிட வேலைநாளில் 80 சுகமானதும் 5 கடினமானதும் முடியும். கணக்குச் சரிதான். ஆனால் எல்லாருக்கும் அதே கலவை வந்தால்தான் சரி.

முதல் மாதத்திலேயே நாலு பேர் ஒரு பக்கப் படிவங்களை மட்டும் எடுக்கத் தொடங்கினார்கள். ஆளுக்கு 105, நாலு பேருக்கும் 420. மிச்சம் 380 சுகமானதும் 50 கடினமானதும் ஆறு பேர் தலையில். அவர்களும் முழுநாளும் உழைத்துத்தான் 71, 72 எடுத்தார்கள். கூட்டிப் பாருங்கள்: பழைய 850தான். அலுவலகம் ஒரு படிவம்கூடக் கூடுதலாகச் செய்யவில்லை. பலகையில் மட்டும் நாலு கெட்டிக்காரரும் ஆறு சோம்பேறிகளும் முளைத்துவிட்டார்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வழியாக பஸ்ஸில் வரும் பிள்ளை எப்போதும் கடைசி. அவள் வந்து இருக்கும்போது நல்லதெல்லாம் போயிருக்கும். ஒருநாள் கேட்டாள், "அண்ணை, நான் மூண்டு கிழமையா அடியிலதான் நிக்கிறன். என்ர வேலை பிழையோ?" அவளுடைய பதிவுகளில்தான் பிழை ஆகக் குறைவு. பலகைக்கு அது தெரியாது.

பிறகு அந்த ஆறு பேரும் கடினமானதைத் தொடாமல் விட்டார்கள். ஆரைக் குறை சொல்ல? பலகையின் கூட்டுத்தொகை ஏறியது, மேலிடத்துக்குச் சந்தோசம். ஒன்பது நாள் கிடந்த படிவத்தைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டபோதுதான் நான் வேறு இரண்டு எண்களைத் தேடினேன். கியூவில் ஆகப் பழைய படிவத்தின் வயது, திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்ட தடவைகள். இரண்டும் முதல் மாதத்திலிருந்தே ஏறிக்கொண்டு வந்திருக்கின்றன. மென்பொருளில் அவை இருந்தன, நாங்கள் பார்க்கவில்லை.

இப்போது பலகையை மூடிவிட்டோம். பழையது முதலில் என்று மென்பொருளே படிவத்தைத் தருகிறது. திருப்பிப் போட்டால் காரணம் எழுத வேண்டும். ஆகப் பழையது இரண்டு நாளுக்கு மேல் கிடப்பதில்லை. ஆனால் "வாசிக்க இயலாது" என்ற முத்திரை கூடிவிட்டது. டார்கெட் இன்னும் நிற்கிறதே, தப்ப வேறு வழி வேண்டாமா? கிழமைக்குப் பத்தை எடுத்து நானே வாசித்துப் பார்க்கிறேன். போன கிழமை அதில் நாலு நன்றாகவே வாசிக்க முடிந்தது.

சொந்த எண்ணிக்கை மட்டும் அவரவர் திரையில் இருக்கிறது. புதிதாகப் பழகும் ஆட்களுக்கு அது உதவுகிறது, அதை எடுக்க நான் விடவில்லை.