வாடகைப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அரபியில் மாற்றுவது: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

காரைக்குடியில் எங்கள் ஃப்ளாட்டை, படிக்க வரும் ஏமன், சூடான் மாணவர்களுக்குச் சில வருடங்களாக வாடகைக்கு விட்டுவருகிறோம். பத்திரம் எழுதுபவர் தமிழில்தான் எழுதித் தருவார், குடிவருபவருக்கோ தமிழ் ஒரு வரி தெரியாது. அதனால் போன் கேமராவில் பக்கத்தைப் பிடித்தால் அரபியில் காட்டும் செயலியைத்தான் ஒவ்வொரு தடவையும் பயன்படுத்துகிறேன்.

முதலில் ஒன்று. படத்தின் மேலேயே அரபியை ஒட்டிக் காட்டும் வசதி மளிகை பில்லுக்குச் சரி, பத்திரத்துக்கு ஆகாது. முத்திரைத்தாளின் பின்னணிக் கோலமும், கையெழுத்து மேலேறிய வரிகளும் அதைக் குழப்பிவிடும், விட்டுப்போன வரி எது என்றும் தெரியாது. போட்டோவிலிருந்து எழுத்தை மட்டும் எடுத்து, பத்திரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, பிறகு ஷரத்து ஷரத்தாக மொழிபெயர்க்க வேண்டும். ‘ரூ.27,000/-’ என்பதன் சாய்ந்த கோட்டை ‘1’ என்று படித்து 27,0001 ஆக்கிவிடுவது சகஜம்.

பெரிய தொல்லை பராமரிப்பு ஷரத்தில்தான். நம் பத்திர நடை உங்களுக்கே தெரியும்: ‘நம்மில் 2 நபர் மேற்படி வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டு...’ என்று ஆரம்பித்து, நாலைந்து வரி தள்ளி ‘சில்லறை ரிப்பேர்களைத் தன் சொந்தச் செலவில் செய்துகொள்ள வேண்டியது’ என்று முடியும். பத்திரத்தில் ‘1 நபர்’ என்றால் வீட்டுக்காரர், ‘2 நபர்’ என்றால் வாடகைதாரர். யார் என்பது வாக்கியத்தின் தலையில் இருக்கிறது, செலவு வாலில் இருக்கிறது. நடுவில் பக்கம் மாறினால் இரண்டாவது போட்டோவில் ஆளே இல்லை. செயலி தானாக ஓர் ஆளைப் போட்டுக்கொள்கிறது, எனக்கு வந்த அரபியில் அது வீட்டுக்காரராக இருந்தது. வாடகைதாரர் அதை நம்பி கீசருக்குப் பணம் கேட்டால் அவர் மேல் என்ன தப்பு?

அரபியில் வீட்டுக்காரர் ‘முஅஜ்ஜிர்’, குடியிருப்பவர் ‘முஸ்தஃஜிர்’. ஒரே வேரில் பிறந்த சொற்கள், எழுதிப் பார்த்தாலும் வித்தியாசம் முன்பகுதியில் மட்டும்தான். அதனால் மொழிபெயர்க்கும் முன்பே ‘1 நபர்’, ‘2 நபர்’ எல்லாவற்றையும் ‘வீட்டுக்காரர்’, ‘வாடகைதாரர்’ என்று மாற்றி, நீள வாக்கியத்தை உடைத்து ஒவ்வொன்றிலும் ஆளைப் போட்டுவிடுகிறேன். ‘குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கீசர் ரிப்பேரை வாடகைதாரர் செய்வார். வயரிங், பைப் மாற்றுவது, வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் செய்வார்.’ தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-இன் அட்டவணையில் வேலைப் பிரிவும் கிட்டத்தட்ட இப்படித்தான், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும். இப்படிக் கொடுத்தால் அரபி பிசகுவது அரிது.

அட்வான்ஸ் ஷரத்து வேறு விதம். நமக்கு அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்ப வரும் பணம். செயலி அதை ‘முகத்தம்’ என்று போட்டால், அரபிக்காரர் முன்கூட்டிக் கட்டிய வாடகை என்று புரிந்துகொண்டு, கடைசி மூன்று மாதம் வாடகை தர வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டுவிடுவார். 9,000 வாடகைக்கு 27,000 அட்வான்ஸ் வேறு, கணக்கு கச்சிதமாகப் பொருந்தும்! ‘திரும்பத் தரப்படும் பாதுகாப்புத் தொகை, வாடகையில் கழிக்கப்படாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதி தரப்படும்’ என்று விரித்து எழுதிக் கொடுத்தால் ‘தஃமீன்’ என்று சரியாக வருகிறது.

நோட்டீஸ் காலத்தில் பெரிய சிக்கல் இல்லை. ‘இரண்டு மாதம்’ அரபியில் ‘ஷஹ்ரைன்’ என்று ஒரே சொல்லாகிவிடும், எண்ணைத் தேடிப் பார்த்துக் காணவில்லையே என்று பயப்பட வேண்டாம். நோட்டீஸ் என்ற சொல்லை மட்டும் ‘எழுத்தில் தெரிவிப்பது’ என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சில சமயம் விளம்பரம் ஆகிவிடுகிறது.

அரபியைத் திரும்பத் தமிழாக்கிப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். ‘முகத்தம்’ கூட அழகாக அட்வான்ஸ் என்றே திரும்பி வரும். அதைவிடக் குடிவருபவரிடம் கேட்டுவிடலாம்: ‘ஜூன் 10-ஆம் தேதி போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் எதுவரை வாடகை தருவீர்கள்? அதில் அட்வான்ஸைக் கழிப்பீர்களா? குழாய் ஒழுகினால் யார் செலவு?’ அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொல்லும் பதிலில், அரபித் தாள் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். ஆகஸ்ட் 10 என்று சொல்பவரும் உண்டு, மாதக் கடைசி என்று சொல்பவரும் உண்டு. அது செயலியின் பிழை இல்லை, பத்திரத்திலேயே தெளிவில்லாதது, தமிழில்தான் திருத்த வேண்டும்.

அரபித் தாளில் நான் கையெழுத்து வாங்குவதில்லை. ‘புரிந்துகொள்ள மட்டும், தமிழ்ப் பத்திரமே செல்லும்’ என்று தலைப்பில் அரபியில் போட்டு ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுவேன். தகராறு என்று வந்தால் மொழிபெயர்ப்பாளரிடம்தான் போக வேண்டும், இந்தச் செயலி அதற்கு இல்லை.