ஆழத் தோண்டுவதா, அகலப்படுத்துவதா? மலையகத்து மதிலுக்கான கணக்கு

ஹட்டனில் 1.8 மீற்றர் உயர, 200 மில்லிமீற்றர் தடிப்புச் சீமெந்துக்கல் மதில். காற்றழுத்தம் சதுர மீற்றருக்கு 0.8 கிலோநியூட்டன் என்று கொள்வோம். ஒரு மீற்றர் நீளத்தைத் தள்ளும் விசை 1.44 கிலோநியூட்டன்.

மேசன்மார் பெரும்பாலும் ஆழத்தையே நம்புவார்கள். கருங்கல் அத்திவாரத்தை 600 மில்லிமீற்றர் அகலம், 750 ஆழம் என்று போட்டால், மதிலோடு மொத்த எடை ஏறத்தாழ 17.1 கிலோநியூட்டன். தாங்கும் திருப்புதிறன் 5.1 கிலோநியூட்டன் மீற்றர், கவிழ்க்கும் திருப்புதிறன் 2.4, இரண்டின் விகிதமான காப்புக் காரணி 2.1. அதே கல்லை 900 அகலம், 500 ஆழம் என்று பரப்பினால் எடை மாறாது. ஆனால் தாங்குவது 7.7, கவிழ்ப்பது 2.0, காரணி 3.8. அகலம் கூடும்போது எடையின் நெம்புகோல் நீள்கிறது, ஆழம் கூடும்போதோ காற்றின் நெம்புகோல் நீள்கிறது என்பதே காரணம்.

மலை முகட்டில் காற்றழுத்தம் 1.2 ஆக இருந்தால், ஆழமான அத்திவாரத்தின் காரணி 1.4க்கு இறங்கிவிடும். 1.5க்குக் கீழே நான் விடமாட்டேன். அகலமானது 2.5இல் நிற்கும்.

இருந்தும், அகலமான அத்திவாரம் அயலவர் காணிக்குள் நீளக்கூடும். சரிவு விளிம்பிலோ, மழை கீழ்ப்பக்க மண்ணை அரித்தால் ஆழமற்ற அடி முதலில் வெளிப்படும். அங்கே ஆழமே மேல்.

எதைத் தேர்ந்தாலும், வெறும் கல்மதில் இந்தக் காற்றில் அத்திவாரத்துக்கு மேலேயே முறியக்கூடும். அத்திவாரத்துக்குள் கம்பி இறங்கிய கொங்கிறீட் தூண்கள் இடையிடையே கட்டாயம் வேண்டும்.