சதுரத் தகட்டின் வெப்பநிலை: ஃபூரியர் தொடரா, கட்டப் பின்னலா?

1 மீட்டர் சதுரத் தகடு. மேல் விளிம்பு 100°C, மற்ற மூன்றும் 0°C. வெப்பநிலை நேரத்தோடு மாறாத நிலை. மாறிகளைப் பிரித்தால், பக்க விளிம்புகள் 0 என்பதால் x திசையில் சைன் வருகிறது, y திசையில் சைன்ஹ்:

```
T = (400/π) Σ sin(nπx)·sinh(nπy) / (n·sinh(nπ)),  n = 1, 3, 5, …
```

இன்னொரு வழி, தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்து நான்கின் சராசரி என்று தீர்ப்பது.

நடுப்புள்ளியை வைத்து இரண்டையும் எடைபோடாதீர்கள். சமச்சீரால் அங்கே விடை சரியாக 25. உள்ளே ஒரே ஒரு புள்ளி வைத்த பின்னலும் அதையே தரும். x = 0.5, y = 0.75 என்ற இடத்தைப் பாருங்கள். தொடரின் முதல் உறுப்பு 57.64, இரண்டாவது −4.02, மூன்றாவது 0.50. ஐந்து உறுப்புகளில் 54.05 வந்துவிடுகிறது. ஒன்பது உட்புள்ளிப் பின்னலோ 52.68 என்கிறது, இன்னும் நெருங்க, கட்டங்களைச் சிறிதாக்க வேண்டும்.

மேல் விளிம்பில் கதை மாறுகிறது. அங்கே உறுப்புகள் 1/n வேகத்தில்தான் குறையும். மூலையருகே கூட்டுத்தொகை ஏறத்தாழ 118 வரை எகிறும். உறுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் அந்த மேடு மூலையை நோக்கி ஒதுங்குமே தவிர, உயரம் குறையாது. தகட்டுக்குள் எந்தப் புள்ளியும் 100-ஐத் தாண்ட முடியாது, அதனால் பிழை உடனே தெரிந்துவிடும். பின்னலில் விளிம்பின் 100 நாம் கொடுப்பதுதான்.

செவ்வகமாக இருந்து விளிம்பு நிபந்தனைகளும் எளிமையாக இருந்தால் நான் தொடரைத்தான் எடுப்பேன். நடுவே ஒரு துளை வந்தால், அப்புறம் பின்னல்தான்.