வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்க்க: டெயில்ஸ்கேலா, கிளவுட்ஃபிளேர் டனலா?

டெயில்ஸ்கேல் உங்கள் சாதனங்களை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் விபிஎன்; கிளவுட்ஃபிளேர் டனல் வீட்டுச் சாதனத்தை ஓர் இணைய முகவரி வழியே திறந்து தரும் சேவை. இரண்டும் வீட்டிலிருந்து வெளியே செல்லும் இணைப்பையே பயன்படுத்துகின்றன. அதனால் ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டாம். பொது ஐபி கிடைக்காத இணைப்பிலும் வேலை செய்யும்.

பெரும்பாலான கேமரா ரெக்கார்டர்களில் இதுபோன்ற ஆப்பை நிறுவ முடியாது. டெயில்ஸ்கேல் என்றால், எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் அதை நிறுவி, மற்ற சாதனங்களுக்கான தரவைக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கிவிட்டு, உங்கள் வீட்டு வலையமைப்பின் முகவரி வரிசையோடு இதைக் கொடுங்கள்:

```
sudo tailscale up --advertise-routes=192.168.1.0/24
```

பிறகு டெயில்ஸ்கேலின் அட்மின் பக்கத்தில் அந்த ரூட்டுக்கு ஒப்புதல் தர வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்: பை இணைந்திருக்கும், ரெக்கார்டர் மட்டும் திறக்காது. டெயில்ஸ்கேலில் பையை அடையாளம் காட்டும் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். அந்தக் காலாவதியையும் அங்கேயே நிறுத்திவையுங்கள். நீங்கள் இருக்கும் இடத்து வைஃபையும் 192.168.1.x என்றால் முகவரிகள் மோதும். வீட்டு வரிசையை 192.168.73.x போல மாற்றிவிட்டால் தொல்லையில்லை. கட்டளையிலும் 192.168.73.0/24 என்று எழுதுங்கள்.

கிளவுட்ஃபிளேர் டனலுக்குச் சொந்த டொமைன் தேவை. பார்ப்பவரின் போனில் எதுவும் நிறுவ வேண்டாம், பிரவுசர் போதும். ஆனால் யார் நுழையலாம் என்று வரையறுக்கும் ஆக்சஸ் விதி போடாவிட்டால் உலகமே உங்கள் லாகின் பக்கத்தைத் திறக்கலாம். தரவின் குறியாக்கமும் வழியில் கிளவுட்ஃபிளேரின் சர்வரில் அவிழ்க்கப்படுகிறது. கேமராவுக்கு நான் டெயில்ஸ்கேலையே வைப்பேன்.